கூட்டக் குறிப்பில் ‘தீர்மானம்’ எப்போது வரலாம், எப்போது வரக்கூடாது

சங்கத்தில் செயலாளர் பொறுப்பு முதன்முறையாக உங்களுக்கு வந்திருக்கிறது, ஆண்டுப் பொதுக்கூட்டமும் முடிந்துவிட்டது, நோட்டில் நான்கு பக்கம் அவசரக் கையெழுத்து இருக்கிறது, அதைத் தமிழில் முறையான கூட்டக் குறிப்பாக எழுதித் தரவேண்டும். இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் பதிவுபெற்ற ஒரு சிறிய தமிழ் அமைப்பில் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் நான். குறிப்பெழுத வரும் புதியவர்கள் பெரும்பாலும் நான்கே நான்கு இடங்களில்தான் தடுமாறுகிறார்கள்: ஒருவர் கூட்டத்தின் முன் வைப்பதை என்னவென்று சொல்வது, கூட்டம் அதை ஏற்றபின் என்னவென்று சொல்வது, கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கையை என்னவென்று சொல்வது, பாதியில் நிறுத்தியதை என்னவென்று சொல்வது. மற்றதெல்லாம் சாதாரணத் தமிழ்தான்.

என்னுடைய முதல் ஆண்டுக் குறிப்பில் ஒரு வரி இப்படி இருந்தது: “உறுப்பினர் சந்தாவை 20 வெள்ளியிலிருந்து 30 வெள்ளியாக உயர்த்தும் தீர்மானம் விவாதிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது.” நடந்தது என்ன? ஒருவர் உயர்த்தலாமே என்று முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், பத்து நிமிடம் பேச்சு நடந்தது, வாக்கெடுப்புக்குப் போகாமல் அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டு புதிதாக வந்த பொருளாளர் அந்த வரியைப் படித்தார். தீர்மானம் என்று இருக்கிறதே, அப்படியென்றால் முடிவாகிவிட்டது, நடைமுறைக்குக் கொண்டுவருவதைத்தான் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, 30 வெள்ளி கட்டச் சொல்லி எல்லோருக்கும் கடிதம் அனுப்பிவிட்டார். அவர்மீது தவறே இல்லை. அந்த வரி அப்படிப் படிக்கவும் இடம் கொடுத்தது. கட்டியவர்களுக்குப் பத்துப் பத்து வெள்ளியாகத் திருப்பிக் கொடுத்து, விளக்கக் கடிதம் எழுதி, அந்த ஆண்டின் பாதி அதிலேயே போயிற்று.

ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதுதான் காரணம். ஆங்கிலத்தில் மோஷன் என்பது கூட்டத்தின் முன் வைக்கப்படும் கேள்வி, ரெசல்யூஷன் என்பது அந்தக் கேள்விக்குக் கூட்டம் தந்த பதில். தமிழில் இரண்டையும் தீர்மானம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டுச் சட்டமன்றச் செய்திகளைப் பாருங்கள்: நம்பிக்கையில்லாத் தீர்மானம், கவன ஈர்ப்புத் தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம், இவையெல்லாம் இன்னும் முடிவாகாத, அவையின் முன் வைக்கப்படும் கோரிக்கைகள். அதே பக்கத்தில் ‘பேரவையில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது’ என்றும் இருக்கும், அங்கே தீர்மானம் என்பது முடிவு. செய்தி படிப்பவருக்கு இதனால் குழப்பமில்லை, ‘கொண்டுவந்தார்’, ‘நிறைவேறியது’ என்று பக்கத்தில் நிற்கும் வினைச்சொல் எது எது என்று காட்டிக்கொடுத்துவிடும். கூட்டக் குறிப்பு அப்படி இல்லை. மூன்று ஆண்டு கழித்து யாரோ ஒருவர் ஒரே ஒரு வரியை மட்டும் தேடி எடுத்துப் படிப்பார், முன்னும் பின்னும் பார்க்கமாட்டார்.

முதலில் எந்த ஊர்ச் சொற்கள் என்று முடிவு செய்யுங்கள்

எழுதத் தொடங்குமுன் உங்கள் சங்கத்தின் அமைப்பு விதிகளை எடுத்துவையுங்கள். அதற்குத் தமிழ் வடிவம் இருந்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது, அதில் என்ன சொல் இருக்கிறதோ அதையே எழுதுங்கள், உங்களுக்கு வேறு சொல் பிடித்திருந்தாலும் சரி. பெரும்பாலான சங்கங்களில் விதிகள் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கும். அப்போது நீங்களே நான்கு சொற்களைத் தேர்ந்து, ஒரு தாளில் எழுதி, செயலவையிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்து வரும் செயலாளரும் அதையே பயன்படுத்துவார்.

சொற்களை எங்கிருந்து எடுப்பது என்றால், தமிழில் இதற்கு இரண்டு பெரிய மரபுகள் உண்டு. தமிழ்நாட்டு அரசின் ஆட்சிச் சொல்லகராதி வழி வருவது ஒன்று, இலங்கை அரசு நிர்வாகத் தமிழ் இன்னொன்று. இலங்கையில் மோஷனுக்குப் பிரேரணை என்கிறார்கள், நம்பிக்கையில்லாப் பிரேரணை, ஒத்திவைப்புப் பிரேரணை என்று எழுதுகிறார்கள். ரெசல்யூஷனுக்குத் தீர்மானம். ஆக, நம்மைப் படுத்தும் குழப்பம் அங்கே பெரும்பாலும் இல்லை. சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழும் மீடியாகார்ப்பின் ‘செய்தி’யும் பழக்கியிருப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டு மரபை ஒட்டிய சொற்கள், அத்துடன் செயலவை, கணக்காய்வாளர், சமூக மன்றம் போன்று இங்கே ஊறிப்போன சொற்கள். அரசாங்கத் துறைப் பெயர்களுக்கும் திட்டப் பெயர்களுக்கும் ‘எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்’ தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

எந்த மரபு உயர்ந்தது என்ற பேச்சுக்கே போகவேண்டாம். ஒரே குறிப்பில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். முதல் பக்கத்தில் ‘பிரேரித்தார்’, இரண்டாம் பக்கத்தில் ‘முன்மொழிந்தார்’, மூன்றாம் பக்கத்தில் ‘தீர்மானம் கொண்டுவந்தார்’ என்று வந்தால், படிப்பவர் இவை மூன்றும் மூன்று வெவ்வேறு நடைமுறை போலிருக்கிறது என்று நினைப்பார். அலுவல் எழுத்தில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று சொல்லிக்கொடுத்ததை இங்கே மறந்துவிடுங்கள்.

இங்குள்ள சங்கங்களுக்கு நான் சொல்வது இவைதான்: முன்மொழிவு, தீர்மானம், குறைவெண், ஒத்திவைப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு எழுதவேண்டும்.

முன்மொழிவும் தீர்மானமும்

விதி எளிமையானது. வாக்கெடுப்புக்கு முன்னால் அது முன்மொழிவு. கூட்டம் ஏற்ற நொடியிலிருந்துதான் தீர்மானம். ஏற்காவிட்டால் அது கடைசிவரை முன்மொழிவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ‘தீர்மானம் தோல்வியுற்றது’ என்று எழுதாதீர்கள், ‘முன்மொழிவு தோல்வியுற்றது’ என்று எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், குறிப்பில் தீர்மானம் என்ற சொல் கண்ணில் பட்டாலே அது சங்கத்தைக் கட்டுப்படுத்தும் முடிவு என்று யாரும் நம்பிப் படிக்கலாம். நாடாளுமன்றத்தையோ சட்டமன்றத்தையோ குறிப்பிட நேர்ந்தால் மட்டும் அங்கே வழங்கும் பெயரை அப்படியே விட்டுவிடுங்கள், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நம்பிக்கையில்லா முன்மொழிவு என்று மாற்றினால் யாருக்கும் புரியாது.

முன்மொழிவை எழுதும்போது ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ‘சந்தா குறித்து முன்மொழியப்பட்டது’ என்பது முன்மொழிவே அல்ல, அது வெறும் தலைப்பு. ‘2026 முதல் ஆண்டுச் சந்தாவை 20 வெள்ளியிலிருந்து 30 வெள்ளியாக உயர்த்தவேண்டும் என முன்மொழியப்பட்டது’ என்பதற்குத்தான் கை தூக்க முடியும். முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் அதன் கீழேயே வரவேண்டும். வழிமொழிய ஆள் இல்லை என்றால் ‘வழிமொழிய எவரும் முன்வராததால் முன்மொழிவு எடுத்துக்கொள்ளப்படவில்லை’ என்று ஒரு வரி போதும்.

தீர்மானத்தை எழுதும்போது வாக்கியத்தின் வாலைக் கவனியுங்கள், அதிகம் கவனிக்கப்படாத இடம் இது. தமிழில் ‘லாம்’ விகுதி மிகவும் வழுக்கலானது. ‘சந்தாவை உயர்த்தலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்றால் கூட்டம் உயர்த்திவிட்டதா, செயலவை விரும்பினால் உயர்த்திக்கொள்ள அனுமதி கொடுத்ததா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. கூட்டத்தில் மரியாதையாகப் பேசும்போது ‘செய்யலாமே’ என்றுதான் எல்லோரும் சொல்வோம், அதை அப்படியே குறிப்பில் இறக்கிவிடக்கூடாது. முடிவு என்றால் ‘உயர்த்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது’. அனுமதி என்றால் ‘உயர்த்தும் அதிகாரம் செயலவைக்கு வழங்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது’. இரண்டில் எது நடந்தது என்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தால் தலைவரைக் கேளுங்கள், எழுதும்போது நீங்களாக ஒன்றை முடிவு செய்துவிடாதீர்கள்.

அப்புறம், ‘ஒருமனதாக’ என்பதைக் கண்ட இடத்திலும் போடவேண்டாம். வந்திருந்த எல்லோரும் ஆதரித்தால்தான் ஒருமனதாக. 15 பேர் ஆதரவு, மீதிப் பேர் நடுநிலை, எதிர்ப்பு யாருமில்லை என்றால் அது ‘எதிர்ப்பின்றி நிறைவேறியது’. நடுநிலை வகித்தவர்களை ஆதரித்தவர்களாக எழுதினால் அவர்கள் பின்னால் கேள்வி கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். எண்ணிக்கை எடுத்திருந்தால் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்றையும் எழுதிவிடுவதே நல்லது.

கூட்டம் தலையாட்டிய எல்லாமே தீர்மானம் ஆகாது. முந்தைய கூட்டத்தின் குறிப்பு ‘உறுதிசெய்யப்படும்’, ஆண்டறிக்கையும் கணக்கறிக்கையும் ‘ஏற்றுக்கொள்ளப்படும்’, யாரோ சொன்ன தகவல் ‘கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும்’.

குறைவெண்

பேச்சில் எல்லோரும் கோரம் என்கிறோம். ‘கோரம் ஆகிவிட்டதா?’, ‘இன்னும் நாலு பேர் வந்தால் கோரம்’. பேசும்போது பரவாயில்லை, எழுத்தில் வேண்டாம். கோரம் என்று தமிழில் ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது, கோர விபத்து என்று செய்தித்தாளில் பார்க்கிறோமே, அதுதான். சங்கத்துக் குறிப்பில் ‘கோரம் இருந்தது’ என்று எழுதியிருப்பதை விஷயம் தெரியாத ஒருவர் எப்படிப் படிப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டு நிர்வாகத் தமிழில் இது குறைவெண், சில இடங்களில் குறைவெண் வரம்பு. குறைந்தபட்சமாக இருக்கவேண்டிய எண் என்று பொருள். இலங்கையில் கூட்ட நடப்பெண் என்கிறார்கள், கூட்டம் நடக்கத் தேவையான எண் என்று கேட்டதுமே புரிகிற அழகான சொல் அது. இங்கே குறைவெண்ணே அதிகம் கண்ணில் படுவதால் அதையே சொல்கிறேன்.

ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘குறைவெண் இல்லை’ என்ற வரியைப் புதியவர் ஒருவரிடம் காட்டுங்கள், ‘ஓ, குறை எதுவும் இல்லை, போதிய பேர் வந்துவிட்டார்கள்’ என்று நேரெதிராகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் இந்தச் சொல்லோடு ‘இருக்கிறது’, ‘இல்லை’ இரண்டையும் சேர்க்காமல், ‘எட்டப்பட்டது’, ‘எட்டப்படவில்லை’ என்று எழுதுங்கள், பக்கத்திலேயே எண்ணையும் போடுங்கள். ‘குறைவெண்ணான 26 எட்டப்படவில்லை, 19 பேர் வந்திருந்தனர்’ என்றால் தவறாகப் படிக்க வழியே இல்லை.

அந்த 26 எங்கிருந்து வந்தது? இங்கே சங்கப் பதிவகம் தரும் மாதிரி அமைப்பு விதிகளைப் பல சங்கங்கள் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதில் பொதுக்கூட்டக் குறைவெண் என்பது வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் 25 விழுக்காடு அல்லது 30 பேர், இரண்டில் எது குறைவோ அது. 104 உறுப்பினர் உள்ள சங்கத்தில் கால் பங்கு 26, அது 30ஐவிடக் குறைவு, ஆகவே 26. அதே சங்கம் 200 பேராக வளர்ந்தால் கால் பங்கு 50, ஆனால் குறைவெண் 30தான். செயலவைக் கூட்டத்துக்கு அதே மாதிரி விதிகளில் கணக்கு வேறு, உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்கவேண்டும். உங்கள் சங்கம் விதிகளை மாற்றி அமைத்திருக்கலாம், ஆகவே உங்கள் விதிகளைப் பார்த்த பிறகே எண்ணை எழுதுங்கள். இங்குள்ள நாடாளுமன்றத்துக்கு, தலைமை வகிப்பவரைச் சேர்க்காமல், மொத்த உறுப்பினர்களில் கால் பங்கு என்று அரசியலமைப்பே சொல்கிறது. உங்கள் விதிகளில் தலைவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் இப்படித்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஒத்திவைப்பு

ஆங்கிலக் குறிப்புகளின் கடைசி வரியைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால் தமிழிலும் ‘கூட்டம் மாலை 6.10 மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்று முடிக்கிறார்கள். அந்த அஜர்ன் என்ற ஆங்கிலச் சொல் கலைந்துபோவதற்கும் வரும், நிறுத்தி வைத்துப் பிறகு தொடர்வதற்கும் வரும். தமிழில் ஒத்திவைப்பதற்கு அந்த முதல் பொருள் கிடையாது. ஒத்திவைத்தால் மறுபடி எடுக்கவேண்டும். எல்லா வேலையும் முடிந்து எழுந்து போனால் அது ‘நிறைவுற்றது’ அல்லது ‘முடிவுற்றது’. ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதிவிட்டால், மீதி எப்போது நடந்தது என்று யாரும் கேட்கலாம், பதில் இருக்காது.

பக்கத்துச் சொற்களையும் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய கூட்டத்தை நிறுத்தி, பிறகு தொடர்ந்தால் ஒத்திவைப்பு. இன்னும் தொடங்காத கூட்டத்தின் தேதியையே மாற்றினால் தள்ளிவைப்பு. தேநீருக்குப் பதினைந்து நிமிடம் எழுந்தால் இடைவேளை. ஒத்திவைத்தால் எதுவரை என்பதையும் சேர்த்து எழுதவேண்டும், நேரமோ தேதியோ இல்லாவிட்டால் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது’ என்று வெளிப்படையாகவே எழுதுங்கள், சட்டமன்றச் செய்திகளில் வழங்கும் சொற்றொடர்தான் அது. எதை ஒத்திவைத்தீர்கள் என்பதும் முக்கியம். கூட்டத்தையா, ஒரு முன்மொழிவின் மீதான விவாதத்தையா? எனக்கு நேர்ந்த சந்தா விவகாரத்தில் ‘முன்மொழிவு மீதான விவாதம் ஒத்திவைக்கப்பட்டது, வாக்கெடுப்பு நடைபெறவில்லை’ என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதமே போயிருக்காது.

(நாடாளுமன்றச் செய்திகளை முன்மாதிரியாக எடுப்பவர்கள் ஒத்திவைப்புத் தீர்மானம் என்ற பெயரில் கவனமாக இருங்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அது அன்றைய அலுவலை ஒதுக்கிவைத்து அவசரப் பிரச்சினை ஒன்றைப் பேசக் கோருவது. சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் அமர்வு முடியும் நேரத்தில் ஓர் உறுப்பினர் ஒரு விவகாரத்தை எழுப்ப வழி செய்வது. பெயர் ஒன்று, நடைமுறை வேறு. சங்கத்தில் இரண்டுமே தேவைப்படாது.)

ஒரு கூட்டம், முழுவதுமாக

இப்போது எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இது நான் பயிற்சிக்காகக் கட்டிய கணக்கு. வாக்குரிமையுள்ள உறுப்பினர் 104 பேர். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குச் சமூக மன்ற அறையில் ஆண்டுப் பொதுக்கூட்டம். மழை, 19 பேர்தான் வந்திருக்கிறார்கள். மாதிரி விதிகள் இதற்கு வழி சொல்கின்றன: அரை மணி நேரம் ஒத்திவைக்கவேண்டும், அப்போதும் ஆள் சேராவிட்டால் வந்திருப்பவர்களையே குறைவெண்ணாகக் கொள்ளலாம், ஆனால் அவர்களுக்கு அமைப்பு விதிகளைத் திருத்தும் அதிகாரம் இல்லை. 4.30க்கு 23 பேர் ஆகிறார்கள். கூட்டம் நடக்கிறது.

பல குறிப்புகளில் இதை ‘கூட்டம் 4.30 மணிக்குத் தொடங்கியது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் 26 தேவைப்பட்ட கூட்டத்தை 23 பேரை வைத்து நடத்தியதாகத்தான் பதிவாகும், அரை மணி நேர விதியைப் பின்பற்றியதற்குக் காகிதத்தில் எந்தச் சான்றும் இருக்காது. எழுதவேண்டியது இப்படி:

“மாலை 4.00 மணிக்குத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார். குறைவெண்ணான 26 எட்டப்படவில்லை. 19 உறுப்பினர்கள் வந்திருந்தனர். அமைப்பு விதிகளின்படி கூட்டம் மாலை 4.30 மணி வரை ஒத்திவைக்கப்பட்டது. மாலை 4.30 மணிக்குக் கூட்டம் மீண்டும் கூடியது. 23 உறுப்பினர்கள் வந்திருந்தனர். வந்திருந்தோரே குறைவெண்ணாகக் கொள்ளப்படுவர் என்றும் இக்கூட்டத்தில் அமைப்பு விதிகளைத் திருத்த இயலாது என்றும் தலைவர் அறிவித்தார்.”

‘அமைப்பு விதிகளின்படி’ என்ற இடத்தில் உங்கள் விதியின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து சந்தா. இந்தச் சங்கத்தில் சந்தாத் தொகையைப் பொதுக்கூட்டமே முடிவு செய்யலாம் என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொகையே விதியில் எழுதப்பட்டிருந்தால் அதை மாற்றுவது விதித் திருத்தம் ஆகிவிடும், இந்த 23 பேரால் முடியாது. இதை முன்கூட்டியே பார்த்துத் தலைவரிடம் சொல்வது உங்கள் வேலை.

“முன்மொழிவு: 2026 முதல் ஆண்டுச் சந்தாவை 20 வெள்ளியிலிருந்து 30 வெள்ளியாக உயர்த்தவேண்டும். (முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள்.) வாக்கெடுப்பு: ஆதரவு 15, எதிர்ப்பு 5, நடுநிலை 3. முன்மொழிவு பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. தீர்மானம் 1: 2026 முதல் ஆண்டுச் சந்தாவை 30 வெள்ளியாக உயர்த்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது.”

ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதுவது போலத் தோன்றும். இரண்டாவது வரிதான் பின்னால் எல்லோரும் எடுத்துக்காட்டப்போகும் வரி, அது தனியாக நின்றாலும் முழுப்பொருள் தரவேண்டும், அதற்காகத்தான் எண்ணும் கொடுக்கிறோம். 15ம் 5ம் 3ம் கூட்டினால் 23 வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் யாரோ இடையில் எழுந்து போயிருக்கிறார்கள், அதையும் நேரத்தோடு குறிக்கவேண்டும்.

கடைசியாக ஒருவர் செயலவை உறுப்பினர் எண்ணிக்கையை 9லிருந்து 11ஆக்கவேண்டும் என்கிறார். அது அமைப்பு விதியில் இருக்கிறது. ‘தீர்மானம் நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதினால் கூட்டம் அதை எதிர்த்தது போல ஆகும், ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்றால் விவாதம் தொடங்கியது போல ஆகும், இரண்டும் நடக்கவில்லை. “அமைப்பு விதிகளைத் திருத்தும் அதிகாரம் இக்கூட்டத்துக்கு இல்லாததால் இம்முன்மொழிவு எடுத்துக்கொள்ளப்படவில்லை” என்பதுதான் உண்மை. பின்னொரு நாள் குறைவெண் எட்டிய கூட்டத்தில் இது வரும்போது, மாதிரி விதிகளின்படி வந்திருக்கும் வாக்குரிமை உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் ஒப்புக்கொள்ளவேண்டும். வாக்களித்தவர்களில் அல்ல, வந்திருப்பவர்களில். 30 பேர் இருந்தால் 20 கை உயரவேண்டும், நடுநிலை வகித்தவர்களும் அந்த 30க்குள் அடக்கம். அதன்பிறகும் சங்கப் பதிவாளரின் ஒப்புதல் வந்தால்தான் திருத்தம் நடைமுறைக்கு வரும், ஆகவே ‘பதிவாளரின் ஒப்புதலுக்கு உட்பட்டு’ என்ற சொற்களைத் தீர்மானத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

“வேறு அலுவல் இல்லாததால் கூட்டம் மாலை 6.10 மணிக்கு நிறைவுற்றது.”

அனுப்புமுன்

குறிப்பைத் தட்டச்சு செய்து முடித்ததும் `Ctrl+F` அழுத்தி ‘தீர்மான’ என்று தேடுங்கள். கடைசி ‘ம்’ வேண்டாம், அதைப் போட்டால் தீர்மானத்தை, தீர்மானிக்கப்பட்டது எல்லாம் சிக்காது. கிடைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வி: இதற்கு முன்னால் கூட்டம் ஒப்புதல் தந்திருக்கிறதா? இல்லையென்றால் அங்கே முன்மொழிவு என்று மாற்றுங்கள். அடுத்து ‘ஒத்திவை’ என்று தேடி, எதை, எதுவரை என்ற இரண்டும் அதே வாக்கியத்தில் இருக்கிறதா பாருங்கள். ‘குறைவெண்’ என்று தேடி, பக்கத்தில் எண் இருக்கிறதா பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது.

ஆங்கிலத்திலும் குறிப்பு வைத்திருக்கும் சங்கம் என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, தீர்மான எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒத்துப்போகவேண்டிய அவசியமில்லை.

பழைய குறிப்புகளில் இந்தக் குழப்பம் இருப்பதைக் கண்டுபிடித்தால், உறுதிசெய்து கையெழுத்தான பக்கத்தை நீங்களாகத் திருத்தாதீர்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பில் இன்ன வரி இவ்வாறு இருக்கவேண்டும் என்று முன்மொழிந்து, வழிமொழியச் செய்து, கூட்டம் ஏற்றதும் அதற்கு ஓர் எண் கொடுத்து அன்றைய குறிப்பில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். எங்கள் சந்தா வரியும் அப்படித்தான் சரியானது.